எத்தனை இலை?

“எங்களுக்குன்னு எதுவும் வேணாம். உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க.”

கல்யாணப் பேச்சில் இதைவிட நாகரிகமான வாக்கியம் கிடையாது என்றுதான் வெகுகாலம் நானும் நினைத்திருந்தேன். ‘நாலு பெரிய மனுஷங்க’ தேவைப்படும் இடங்களில் நாலில் ஒருவனாகப் போய் உட்காரும் வயது எனக்கு வந்து ரொம்ப நாளாகிறது. இந்த வாக்கியம் வந்து விழுந்ததும் கூடத்தில் இறுக்கம் தளரும். பெண்ணின் அம்மா உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு காபியோடு வருவார். மூன்று மாதம் கழித்து அதே கூடத்தில், பெண்ணின் அப்பா தாளும் பேனாவுமாக உட்கார்ந்து, அவர்கள் மனசுக்குள் எத்தனை பவுன் நினைத்திருப்பார்கள் என்று ஊகித்துக்கொண்டிருப்பார். 20 பவுன் என்று கேட்டிருந்தால், முடியாது என்றாவது சொல்லியிருக்கலாம். கேட்காததால் எதைப் போட்டாலும் போதுமா என்ற பயம் போவதில்லை. கடைசியில் பயம்தான் கணக்கு எழுதுகிறது.

அந்த வாக்கியத்தைச் சொல்பவர்கள் எல்லோரும் சூழ்ச்சிக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலானவர்கள் மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால், ‘செய்யறதை’ என்ற சொல்லுக்குள் ஒவ்வொரு வீடும் ஒவ்வொன்றை வைத்திருக்கிறது. சில சமூகங்களில் கல்யாணத்தை நடத்துவதே மாப்பிள்ளை வீடு. முகூர்த்தப் பட்டும் தாலியும் அவர்கள் பொறுப்பு, மண்டபமும் அவர்கள் ஊரில். சில சமூகங்களில் முகூர்த்தம் பெண் வீட்டுச் செலவு, வரவேற்பு மட்டும் மாப்பிள்ளை வீட்டுச் செலவு. உள்ளூருக்குள், சொந்தத்துக்குள் சம்பந்தம் செய்த காலத்தில் இதைப் பேச வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கு மேட்ரிமோனி தளத்தில் பார்த்து, ஜாதகம் பொருந்தி, தஞ்சாவூர் வீடும் சேலத்து வீடும் எதிரெதிரே உட்காரும்போது, இரண்டு பேருமே ‘வழக்கப்படி செஞ்சுக்கலாம்’ என்று தலையாட்டுகிறார்கள். இரண்டு வழக்கமும் ஒன்றல்ல என்பது மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் தெரியவருகிறது.

என் நண்பன் மகள் விஷயத்தில் அது வேறு மாதிரி நடந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், சேலத்துப் பையன், இருவருக்கும் சென்னையில் வேலை. இரண்டு வீட்டாரும் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, “பிள்ளைகள் பேசிப் பார்க்கட்டும்” என்று விட்டிருந்தார்கள். மூன்று சந்திப்புகள் சினிமா, வேலை, மாற்றல் என்று போயின. நான்காவது சந்திப்பில் அவள் பணத்தைப் பற்றிப் பேசினாள். எப்படி ஆரம்பித்தாய் என்று பின்னால் கேட்டேன். “கேள்வி கேக்கல மாமா. என் கணக்கைச் சொன்னேன்” என்றாள்.

இந்த விஷயத்தில் அதற்கு மேல் ஒரு உத்தியை நான் கண்டதில்லை. “உங்க வீட்ல என்ன எதிர்பார்க்கிறாங்க?” என்று கேட்டிருந்தால், அந்தப் பையன் நல்லவனாக இருந்தால் “எதுவும் இல்லை” என்றுதான் சொல்லியிருப்பான், அது பழைய வாக்கியத்தின் இன்னொரு வடிவம். அவள் சொன்னது இவ்வளவுதான்: “என் எஜுகேஷன் லோன்ல இன்னும் 2 லட்சத்து 40 ஆயிரம் பாக்கி இருக்கு. தம்பி இப்பதான் காலேஜ் சேர்ந்திருக்கான். அப்பா என் கல்யாணத்துக்குன்னு ஒதுக்கினது 9 லட்சம். அதுக்கு மேல கடன் வாங்க விடமாட்டேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். அம்மா சேர்த்த நகை 15 பவுன், அது என் பேர்ல லாக்கர்ல இருக்கும். உங்க பக்கம் எப்படின்னு நீங்க இப்பவே சொல்லணும்னு இல்ல. வீட்ல பேசிட்டுச் சொல்லுங்க.”

ஒருவர் தன் கடனைச் சொன்ன பிறகு எதிரில் இருப்பவர் தன் பெருமையைப் பேசுவது கஷ்டம். அவனும் சொன்னான். வீட்டுக் கடனுக்கு மாதம் 22 ஆயிரம் கட்டுகிறான். அக்கா கல்யாணத்தின்போது அப்பா அடகு வைத்த நகை இரண்டு வருஷத்துக்கு முன்புதான் மீண்டது. வரவேற்பை விமரிசையாக வைக்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. அதற்கு 5 லட்சம் பெர்சனல் லோன் போடலாம் என்று அவன் யோசித்துவைத்திருந்தான்.

அவள் போனை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினாள். 12 சதவீத வட்டியில் 5 வருஷம் என்றால் மாதம் ஏறக்குறைய 11,100 ரூபாய். “இதைக் கட்டப்போறது யாரு? நாமதானே?” அவனுக்கு அது புதிதாக இருந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுச் செலவு மாப்பிள்ளை வீட்டோடு போய்விடும் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். தாலி ஏறிய மறுமாதத்திலிருந்து அந்தத் தவணை ஒரே குடித்தனத்தின் சம்பளத்தில்தான் பிடிக்கப்படும். அதனால், வரவேற்புக்குக் கடன் வாங்குகிறார்களா, யார் பெயரில் வாங்குகிறார்கள் என்று கேட்கப் பெண்ணுக்கு முழு உரிமை உண்டு. அதேபோல, பெண்ணின் சம்பளத்தில் அப்பாவின் கல்யாணக் கடனுக்கு எவ்வளவு போகப்போகிறது என்று பையனும் தெரிந்துகொள்ள வேண்டும். மறைத்து வைத்தால் அது முதல் வருஷத்திலேயே பாஸ்புக்கில் தெரிந்துவிடும்.

பத்து நாள் கழித்து, சேலத்து வீட்டில் பெரியவர்கள் உட்கார்ந்தபோது நானும் போயிருந்தேன். பையனின் அப்பா மளிகைக் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர். எடுத்த எடுப்பிலேயே “நமக்குள்ள என்னங்க கணக்கு, எல்லாம் பாதிப் பாதி வச்சுக்கலாம்” என்றார். என் நண்பனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பெண்ணைப் பெற்றவனுக்கு ‘பாதி’ என்ற சொல் காதில் தேன்தான். பக்கத்தில் இருந்த நான்தான், “ரொம்ப சந்தோஷங்க. எத்தனை இலை எதிர்பார்க்கலாம்?” என்று கேட்டேன்.

கல்யாணத்தில் ‘எவ்வளவு?’ என்று கேட்டால் முகம் மாறும். ‘எத்தனை இலை?’ என்று கேட்டால் யாருக்கும் மாறாது. அது சமையல்காரர் கேட்கிற கேள்வி. ஆனால், செலவின் சாவி அங்கேதான் இருக்கிறது. இலைக் கணக்கு ஏறினால் சாப்பாடு மட்டுமா ஏறுகிறது? மண்டபம் பெரிதாகிறது, பந்தி பரிமாற ஆள் கூடுகிறது, பத்திரிகை கூடுகிறது, தாம்பூலப் பை கூடுகிறது, வேன் கூடுகிறது.

பையன் வீட்டில் வரவேற்புக்கு 550 பேர் என்றார்கள். பெண் வீட்டில் 250. முகூர்த்தச் சாப்பாட்டுக்கு இரண்டு பக்கமும் தலா 250, காலை டிபனுக்குத் தலா 150. வரவேற்பு இரவு விருந்துக்கு இலைக்கு 450 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். மொத்தத்தில் பாதி என்று பிரித்தால், பையன் பக்கம் கூடுதலாக வரும் 300 பேருக்கான 1,35,000 ரூபாயில் பாதி, அதாவது 67,500 ரூபாய், என் நண்பன் தலையில் விழும். அவனுக்கு முன்பின் தெரியாத, மளிகைக் கடை வாடிக்கையாளர்கள் சாப்பிடுகிற சாப்பாட்டுக்கு. யாரும் ஏமாற்றவில்லை, ‘பாதி’ என்ற நல்ல சொல்தான் அப்படிச் செய்கிறது.

ஆகவே இப்படிப் பிரித்தோம். மண்டபம், மேடை அலங்காரம், மேளம், புரோகிதர் ஆகிய நான்கும் பொதுச் செலவு, அவை மட்டும் பாதிப் பாதி. சாப்பாடு அவரவர் இலைக்கு அவரவர். உடை, நகை, பத்திரிகை, போட்டோ, அவரவர் ஊரிலிருந்து வரும் வண்டி எல்லாம் அவரவர் பாடு. மண்டப வாடகை 2,50,000 என்றார்கள். அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி 45,000. பிறகு மின்சாரம் யூனிட் கணக்கில் தனி, ஜெனரேட்டர் டீசல் தனி, துப்புரவு தனி. இவற்றுக்கு 35,000 சேர்த்து 3,30,000 என்று எழுதினோம். வாடகை என்று வாயால் சொல்லும் தொகைக்கும் கடைசி நாள் பில்லுக்கும் இடையில் இப்படி 80,000 ரூபாய் இருக்கிறது. சம்பந்திகளுக்குள் வரும் மனக்கசப்பில் பாதி, மண்டபத்தைக் காலி செய்யும் அந்த மத்தியான வேளையில், இந்தத் தொகையை யார் கொடுப்பது என்பதில்தான் பிறக்கிறது. மேடைக்கும் மேளத்துக்கும் மற்றதுக்கும் 1,80,000. பொதுச் செலவு ஆக 5,10,000. என் நண்பனின் பங்கு, சாப்பாட்டையும் சேர்த்து, 5 லட்சத்துக்குள் அடங்கியது. மிச்சம் 4 லட்சத்தில் நிச்சயதார்த்தம், துணிமணி, பத்திரிகை, போட்டோ.

பையனின் அப்பாவிடம், 550 பேரைக் குறைக்க முடியாதா என்று கேட்டோம். அவர் உள்ளே போய், பழைய காலண்டர் தாளில் அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். 25 வருஷமாக அவர் செய்த மொய். “இதெல்லாம் வெளியில நிக்குதுங்க. கூப்பிடாம எப்படி விடறது?” என்றார். நகரத்துப் பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். அவருக்கு அது கொடுத்துவைத்த சீட்டுப் பணம். அழைக்காவிட்டால் பணமும் திரும்பாது, உறவும் அறுந்துபோகும். அவர் கூட்டத்தைக் குறைக்கச் சொல்வது நியாயமல்ல. அந்தக் கூட்டத்தின் இலைக்கு அவரே காசு கொடுப்பதும் அந்த மொய் அவரிடமே போய்ச் சேர்வதும்தான் நியாயம். அதையும் அப்போதே பேசிவிட்டோம்: வாசலில் இரண்டு மேஜை, இரண்டு நோட்டு, அவரவர் மொய் அவரவர் பெற்றோருக்கு. மொய்ப் பணம் தங்களுக்கு வரும் என்று மணமக்கள் நினைத்துக்கொள்வது உண்டு. நாளை அத்தனை வீட்டுக்கும் திருப்பிச் செய்யப்போவது பெற்றோர்தான் என்பதால், அது பிள்ளைகளின் பணமாகாது. மணமக்கள் கையில் நேராகக் கொடுக்கும் கவரும் பொருளும் மணமக்களுக்கு.

எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது, பையனின் அம்மா பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னார்: “எங்க பொண்ணுக்கு நாங்க 40 பவுன் போட்டுத்தான் அனுப்புனோம்.”

கூடம் அமைதியானது. இது கேள்வியா, தகவலா? நாலு பெரிய மனுஷர்களுக்கும் தெரியும், இது கேள்விதான். ஆனால், அந்த அம்மாவைப் பேராசைக்காரி என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஒரு கையால் கொடுத்து ஓய்ந்தவருக்கு இன்னொரு கையால் வந்தால்தான் கணக்கு நேராகும் என்று தோன்றுகிறது. இந்தச் சங்கிலியை அறுக்கிற வேலையைப் பெண் வீட்டாரால் செய்ய முடியாது. அவர்கள் எதைச் சொன்னாலும் இல்லாமையாகத் தெரியும் அல்லது திமிராகத் தெரியும். பையன்தான் பேச வேண்டும். அவன் பேசினான். “அம்மா, அக்காவுக்குப் போட்டது நம்ம கடன், நாம அடைச்சாச்சு. இவங்ககிட்ட வசூல் பண்ணக் கூடாது. 15 பவுன் இருக்குன்னு எனக்குத் தெரியும், அது அவங்களோடது.” பேச்சு அதோடு முடிந்தது. இந்த இடத்தில் பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், பெண் வீட்டார் எழுந்து வந்துவிடலாம் என்பது என் கருத்து. வரனைப் பற்றி விசாரிக்க வேண்டியதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது பலருக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். 1961ஆம் ஆண்டு வரதட்சிணைத் தடைச் சட்டத்தின்படி வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். குறைந்தது 5 ஆண்டு சிறை, 15,000 ரூபாய் அல்லது வரதட்சிணையின் மதிப்பு, இதில் எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதம். நேராகவோ சுற்றிவளைத்தோ கேட்பது தனிக் குற்றம். அதற்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை உண்டு. ‘40 பவுன் போட்டோம்’ என்பது சுற்றிவளைத்த வகைதான். கேட்காமல், வழக்கத்தை ஒட்டி, தன் வசதிக்கு மீறாமல் கொடுக்கும் அன்பளிப்பைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால், அவற்றுக்குப் பட்டியல் எழுத வேண்டும். 1985இல் வந்த விதிகளின்படி மணமகளுக்கு ஒன்று, மணமகனுக்கு ஒன்று. பொருள் என்ன, தோராய மதிப்பு என்ன, கொடுத்தவர் யார், அவர் என்ன உறவு என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

101 ரூபாய் மொய்யைக்கூட ஊர், பெயர், தகப்பன் பெயரோடு எழுதி அரை நூற்றாண்டு பத்திரப்படுத்துகிற நாம், சட்டம் கேட்கிற இந்தப் பட்டியலை எழுதுவதில்லை. எழுதச் சொன்னால், “இப்பவே சந்தேகமா?” என்கிறார்கள். பிரிவு வந்தால்தான் அது பயன்படும் என்று நினைக்கிறார்கள். உண்மையில், சேர்ந்து வாழும்போதே அது பயன்படுகிறது. எந்த வளையல் யார் போட்டது, அத்தை கொடுத்த செயின் யாருடையது என்று பத்து வருஷம் கழித்து நாத்தனாரும் மருமகளும் முறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. என் நண்பன் வீட்டில், மொய் எழுதியவரையே உட்காரவைத்து, கல்யாணத்துக்கு மறுநாள் எழுதச் சொன்னோம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

இவ்வளவு சாமர்த்தியமாகப் பேசியும் நாங்கள் ஒன்றைக் கோட்டைவிட்டோம். கல்யாணம் வைகாசியில் நடந்தது. ஆடி பிறந்தது. என் நண்பன் மகளையும் மருமகனையும் போய் அழைத்துவந்தான். போகும்போது பூ, பழம், இனிப்பு கொண்டுபோனான். அவர்கள் வீட்டு வழக்கம் அவ்வளவுதான். சேலத்து வீட்டில், ஆடிக்கு அழைக்க வருகிறவர்கள் மாப்பிள்ளைக்கு மோதிரமோ செயினோ கொண்டுவருவது வழக்கம். பையனின் பெரியம்மா பக்கத்து வீட்டார் காதுபட, “வெறுங்கையோட வந்திருக்காங்க” என்று சொல்லிவிட்டார். இத்தனை லட்ச ரூபாய்க் கணக்கில் வராத கோபம், ஒரு தாம்பாளத்தில் வந்தது. பெண் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

கல்யாணச் செலவு என்று நாம் பேசுவது மண்டபத்தோடு நின்றுவிடுகிறது. பெண் வீட்டுக்கு அதற்குப் பிறகு ஒரு வருஷம் பாக்கி இருக்கிறது. மறுவீடு, ஆடி, தலை தீபாவளி, பொங்கல் சீர், அப்புறம் வளைகாப்பு, குழந்தை பிறந்தால் அரைஞாண், காப்பு. ஒவ்வொன்றிலும் யாருக்கு வேட்டி சேலை, மாப்பிள்ளைக்கு மட்டுமா, வீட்டில் எல்லோருக்குமா, மாமாக்களுக்குமா என்பது ஊருக்கு ஊர் மாறும். தலை தீபாவளிக்கு ஆறு பேருக்குத் துணி, ஒரு மோதிரம், பட்டாசு, பலகாரம் என்று போனால் ஓய்வூதியக்காரர் ஒருவரின் இரண்டு மாத வருமானம் கரைந்துபோகும். இதைப் பெரியவர்கள் கூடத்தில் வைத்துப் பேச முடியாது; பேசினால் பேரம் மாதிரி ஆகிவிடும். பிள்ளைகள் இருவரும்தான், அந்த நான்காவது சந்திப்பில் பேசியதுபோலவே, பேசிக்கொள்ள வேண்டும். “உங்க வீட்ல தலை தீபாவளி எப்படிக் கொண்டாடுவீங்க? உங்க அக்காவுக்கு எப்படி நடந்துச்சு?” என்று கேட்டாலே போதும். இதற்கு யாரும் கதை சொல்வார்கள். அந்தக் கதைக்குள் எதிர்பார்ப்பு முழுவதும் இருக்கும். எது தேவை, எது வேண்டாம் என்று அவரவர் வீட்டில் அவரவர் சொல்லிவைக்கலாம்.

அந்த வருஷத் தீபாவளிக்கு முன்னால் பையன் தன் வீட்டில் சொல்லிவிட்டான், எனக்கும் அவளுக்கும் மட்டும் துணி, வேறு எதுவும் வரக் கூடாது என்று. பெரியம்மா இன்றுவரை முணுமுணுப்பதாகக் கேள்வி. முணுமுணுக்கட்டும்.

எல்லா வீட்டிலும் இப்படிப் பேச முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். பேசிய கணக்கு பத்திரிகை அடித்த பிறகு மாறுகிறதென்றால், அல்லது ஒவ்வொரு புதுச் செலவுக்கும் முகம் தெரியாத ஒரு சித்தப்பாவைக் காரணம் காட்டுகிறார்களென்றால், அங்கே பேச்சுத் திறமை உதவாது. கணக்கை ஒரு தாளில் எழுதி இரண்டு வீட்டுக்கும் ஒரு பிரதி என்று கேட்டுப் பாருங்கள். “எழுத்தெல்லாம் எதுக்கு, நம்பிக்கைதானே” என்று நழுவுகிறவர்களிடம், அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லை என்று நிறுத்திக்கொள்வதுதான் லாபம்.

பெண்ணைப் பெற்ற அப்பாக்களிடம் ஒரு வேண்டுகோள். மாப்பிள்ளை வீட்டார் “நீங்க செய்யறதைச் செய்யுங்க” என்றதும், “எல்லாம் உங்க இஷ்டம்” என்று கைகூப்பாதீர்கள். “நாங்க ஒதுக்கியிருக்கிறது இவ்வளவுங்க, அதுக்குள்ள எத்தனை இலை போடலாம்னு பார்ப்போம்” என்று சொல்லுங்கள். தட்டு மாற்றுவதற்கு முன்னால் சொல்லுங்கள்.